காத்தாடி வேலை நமக்கு ஒத்துவருமா? வேலையில் இருப்பவரிடம் பேசிச் சோதிக்கும் முறை

ஆரல்வாய்மொழியைத் தாண்டி முப்பந்தல் வழியாகப் பஸ்ஸில் போகிற எல்லோருக்கும் காத்தாடி தெரியும். அந்த நேரத்தில் அதன் உச்சியில் இருக்கும் பெட்டிக்குள் யாராவது குனிந்து உட்கார்ந்து போல்ட் முறுக்கிக்கொண்டிருக்கலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கம் டிப்ளமோவோ ஐடிஐயோ முடித்த பையன்கள் “காத்தாடி கம்பெனிக்குப் போகலாம்னு இருக்கேன்” என்று சொல்லும்போது, அவர்கள் மனதில் இருப்பது பெரும்பாலும் ரோட்டிலிருந்து பார்த்த காட்சிதான். சேர்ந்து சில மாதம் கழித்து “இது நமக்கு ஆகாது” என்று திரும்பி வந்தால், படித்து முடித்ததும் கிடைக்கிற அந்த முதல் வருடம் வீணாகியிருக்கும்.

சேருவதற்கு முன்பே சோதித்துப் பார்க்கச் செலவில்லாத வழி ஒன்று உண்டு. அந்த வேலையைச் செய்துகொண்டிருப்பவரிடம் இருபது, முப்பது நிமிடம் உட்கார்ந்து பேசுவது. வேலை கேட்காமல், சிபாரிசு கேட்காமல், அவருடைய வேலை நாள் எப்படிப் போகிறது என்று மட்டும் கேட்பது. இப்படி மூன்று நான்கு பேரிடம் பேசினாலே, அந்தத் துறை நமக்குப் பொருந்துமா என்பது ஓரளவு தெளிந்துவிடும்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் இப்படிப் பேசப் போகிறவர்களில் பெரும்பாலானோர் ஒன்றும் தெரிந்துகொள்ளாமல்தான் திரும்பி வருகிறார்கள். காரணம் அவர்கள் கேட்கிற கேள்வி. “இந்த ஃபீல்டு எப்படி அண்ணே?” என்று கேட்டால் “நல்ல ஃபீல்டுதான் மக்கா, கஷ்டப்பட்டா மேல வரலாம்” என்று பதில் வரும். வங்கி வேலைக்கும் இதே பதில்தான், பேக்கரிக்கும் இதே பதில்தான். நம் ஊரில் சின்னப் பிள்ளை வந்து கேட்டால் பெரியவர்கள் புத்தி சொல்லாமல் விட மாட்டார்கள். புத்தி கேட்கப் போனால் புத்திதான் கிடைக்கும், தகவல் கிடைக்காது.

ஒரு பையனை வைத்து இதைப் பார்ப்போம். தக்கலைப் பக்கம் வீடு, டிப்ளமோ இஇஇ முடித்திருக்கிறான், காற்றாலைப் பராமரிப்பில் டெக்னீஷியனாகப் போகலாமா என்று யோசிக்கிறான். அவனும் அவன் பேசப்போகிற மூன்று பேரும் உதாரணத்துக்காக நான் வைத்துக்கொண்டவர்கள். அவர்கள் சொல்லப்போகிற வேலை மட்டும் உள்ளபடியே இருப்பது.

போகும் முன் எழுத வேண்டியது

யாரிடமும் பேசுவதற்கு முன்பு, அந்த வேலையைப் பற்றித் தான் நம்பிக்கொண்டிருப்பதை அவன் ஒரு தாளில் எழுதவேண்டும். இந்த ஒன்றைச் செய்யாவிட்டால் மற்றதெல்லாம் வெறும் அரட்டைதான் என்பது என் எண்ணம். முன்கூட்டி எழுதாத நம்பிக்கை, கேட்கிற பதிலுக்குத் தக்கபடி சத்தமில்லாமல் மாறிக்கொள்ளும். அப்புறம் எது கேட்டாலும் “நான் நினைத்தது சரிதான்” என்றே தோன்றும்.

நம் பையன் மூன்று விஷயம் எழுதுகிறான். ஒன்று, இது எலெக்ட்ரிக்கல் வேலை. நாளில் பெரும்பகுதி பேனல், சர்க்யூட், ஃபால்ட் கண்டுபிடிப்பது என்று போகும். இரண்டு, உயரம் எனக்குப் பயமில்லை, அதனால் ஏறுவது ஒரு பிரச்சினை ஆகாது. மூன்று, தினமும் வீட்டிலிருந்து போய் வரலாம், ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்கலாம்.

ஒவ்வொன்றுக்கும் எதிரே, எந்தப் பதில் வந்தால் இந்த நம்பிக்கை உடையும் என்பதையும் எழுதிவைக்கிறான். முதலாவதற்கு: வாரத்தில் பாதிக்கு மேல் கிரீஸ், ஆயில், போல்ட் வேலை என்றால் உடைந்தது. இரண்டாவதற்கு: உயரத்தைத் தவிர என் உடம்பால் தாங்க முடியாத வேறு ஏதாவது இருந்தால் உடைந்தது. மூன்றாவதற்கு: வருடத்தில் இரண்டு மாதத்துக்கு மேல் லீவு கிடைக்காத காலம் இருந்தால் உடைந்தது. கோடு எங்கே போடுவது என்பது அவனவன் விருப்பம். இன்னொருவனுக்கு மூன்றாவது நம்பிக்கையே முக்கியமில்லாமல் இருக்கலாம். பேசுவதற்கு முன்பே கோடு போட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான்.

யாரைப் பிடிப்பது, எப்படிக் கேட்பது

முதலில் பேசவேண்டியவர் பெரிய பதவியில் இருப்பவர் அல்ல. இரண்டு மூன்று வருடம் முன்பு சேர்ந்தவர்தான். நம் பையன் சேர்ந்தால் முதல் நாளிலிருந்து செய்யப்போகிற வேலையை அவர் இன்றைக்குச் செய்துகொண்டிருக்கிறார். இருபது வருட அனுபவம் உள்ளவருக்குத் தன் முதல் வருடம் இப்போது கதையாகத்தான் நினைவிருக்கும். அவர் சேர்ந்த காலத்து மெஷினும் வேறு.

ஆளைப் பிடிக்க இன்டர்நெட்டை நம்பிக்கொண்டிருக்கத் தேவையில்லை. பாலிடெக்னிக்கில் இரண்டு மூன்று பேட்ச் முன்னால் படித்தவர்களில் ஒருவராவது அங்கே இருப்பார். டிபார்ட்மெண்ட் சாரிடம் கேட்டால் நம்பர் கிடைக்கும். கோயில், சர்ச், கிளப் என்று விசாரித்தாலும் இந்த மாவட்டத்தில் இரண்டு கை தாண்டுவதற்குள் ஆள் கிடைத்துவிடுவார். வடசேரியிலிருந்து பஸ் ஏறினால் ஆரல்வாய்மொழி அரை மணி நேரத்துப் பயணம்தான், நேரில் போவதும் பெரிய காரியமில்லை.

முதல் செய்தி வாட்ஸ்அப்பில் நான்கைந்து வரி இருந்தால் போதும். இப்படி:

“வணக்கம் அண்ணே. நான் தக்கலைப் பக்கம், இந்த வருஷம் டிப்ளமோ இஇஇ முடிச்சிருக்கேன். காலேஜ்ல சார்தான் உங்க நம்பர் தந்தாங்க. காத்தாடி சர்வீஸ் வேலை எனக்கு ஒத்துவருமான்னு தெரிஞ்சுக்க ஆசை. வேலை கேட்டு இல்லண்ணே, உங்க வேலை நாள் எப்படி இருக்கும்னு கேட்கத்தான். ஒரு இருபது நிமிஷம் உங்களுக்கு வசதியான நேரத்துல பேச முடியுமா? நானே ஆரல்வாய்மொழிக்கு வாறேன்.”

“வேலை கேட்டு இல்ல” என்ற வரியை விடக்கூடாது. அதை விட்டால் அவர் முதலிலேயே “இப்ப வேக்கன்சி ஒண்ணும் இல்ல மக்கா” என்று முடித்துவிடுவார். அந்த வார்த்தையைக் கடைசிவரை காப்பாற்றவும் வேண்டும். பேச்சின் முடிவில் பயோடேட்டாவை எடுத்து நீட்டினால், அதுவரை அவர் சொன்னதெல்லாம் ஒரு தந்திரத்துக்குக் கொடுத்த பதிலாகப் போய்விடும். அடுத்த ஆளின் நம்பரும் கிடைக்காது.

எந்த மாதத்தில் கேட்கிறோம் என்பதும் முக்கியம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகப் பாய்ந்து வருகிற மே கடைசி முதல் செப்டம்பர் வரை இங்கே சீசன். அந்த மாதங்களில் பகலில் போன் அடித்தால் எடுக்க மாட்டார். மேலே இருப்பார், இல்லையென்றால் ஓடிக்கொண்டிருப்பார். இரவு ஏழு மணிக்கு மேல் செய்தி அனுப்பிவிட்டு ஒரு வாரம் பொறுக்கலாம். பதில் இல்லையென்றால் ஒரே ஒரு தடவை நினைவூட்டலாம். அதற்குமேல் தொந்தரவு, வேறு ஆளைப் பார்க்க வேண்டியதுதான்.

நடந்ததைக் கேள்

நேரில் உட்கார்ந்ததும் முதல் ஐந்து நிமிடம் கேள்வி கேட்பது அவராகத்தான் இருக்கும். “யாருக்க மவன்? வீடு எங்க? அப்பா என்ன செய்யுதாரு?” இதை வெட்டிவிட்டு நம் கேள்விக்குத் தாவக்கூடாது. யாரென்று தெரிந்த பிறகுதான் நம் ஊர்க்காரர்கள் உள்ளதைச் சொல்லத் தொடங்குவார்கள்.

அப்புறம் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது: “போன வாரம் திங்கட்கிழமை காலையில எத்தனை மணிக்கு வீட்டை விட்டு இறங்கினீங்கண்ணே? அங்கேருந்து சாயங்காலம் வரைக்கும் என்னென்ன நடந்துச்சு, சொல்லுங்க.”

“வழக்கமா ஒரு நாள் எப்படி இருக்கும்?” என்று கேட்டால் அவர் யோசித்து, சுருக்கி, நல்லதாக ஒரு நாளைத் தயாரித்துக் கொடுப்பார். போன திங்கட்கிழமை என்றால் தயாரிக்க முடியாது. அன்று நடந்தது நடந்ததுதான்.

நம் பையன் இதைக் கேட்பது ஒரு பிப்ரவரி மாதத்தில் என்று வைத்துக்கொள்வோம். டெக்னீஷியன் சொல்கிறார்: காலை எட்டரைக்கு சைட் ஆபீஸ், அன்றைய வேலைக்கான பெர்மிட், விழாமல் காக்கிற ஹார்னஸ் பெல்ட் சோதனை. ஜீப்பில் மெஷினுக்குப் போய், நிறுத்தி, பூட்டுப் போட்டு, இரண்டு பேராக ஏணியில் ஏறினார்கள். எண்பது மீட்டர். பாதி வழியில் பிளாட்ஃபார்மில் நின்று மூச்சு வாங்கினார்கள். மேலே நாசெல் பெட்டிக்குள் போய் பேரிங்குகளுக்கு கிரீஸ், கியர் பாக்ஸ் ஆயில் ஃபில்டர் மாற்றம், பிறகு டார்க் ரெஞ்ச் வைத்துப் போல்ட் இறுக்கம் பார்த்து மார்க் போடுவது. மத்தியானச் சாப்பாடும் மேலேயே. “கீழே வந்து சாப்பிட்டா திரும்ப ஏறணும்லா, அதனால கொண்டுபோயிருவோம்.” நான்கு மணிக்கு இறங்கி செக்லிஸ்ட் நிரப்பிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு.

எலெக்ட்ரிக்கல் பேனலைத் திறந்தீர்களா என்று பையன் கேட்கிறான். “கீழே கண்ட்ரோல் பேனல்ல டெர்மினல் டைட் பண்ணினோம், ஒரு அரை மணி நேரம்.” முதல் நம்பிக்கை ஆட்டம் காண்கிறது. பையன் அவசரப்படாமல் அடுத்ததைக் கேட்கவேண்டும்: “போன ஜூலையில ஒரு நாள் நினைவிருக்கா அண்ணே?”

ஜூலை வேறு மாதிரி. காற்று வீசாத மாதங்களில் சர்வீஸ், காற்று வீசுகிற மாதங்களில் பிரேக்டவுன் என்றுதான் இந்த வேலை பிரிந்திருக்கிறது. மெஷின் நின்றால் கரண்ட் உற்பத்தி நிற்கும், சீசனில் அது நேரடி நஷ்டம். ஓனருக்கும் பராமரிப்பு கம்பெனிக்கும் உள்ள ஒப்பந்தத்தில் மெஷின் எத்தனை சதவீத நேரம் ஓடத் தயாராக இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கும். அது 95 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், முப்பது நாள் மாதத்தின் 720 மணி நேரத்தில் 36 மணி நேரம்தான் நிற்கலாம். அதனால் ஜூலையில் ஃபால்ட் வந்தால் எரர் கோடு பார்த்து, சென்சாரா, கான்டாக்டர் சுவிட்சா, காத்தாடியைக் காற்றடிக்கிற பக்கம் திருப்புகிற யா மோட்டாரா என்று தேடுகிற வேலை. பையன் நினைத்த எலெக்ட்ரிக்கல் வேலை இங்கேதான் இருக்கிறது. ஆனால் அந்த மாதங்களில்தான் காற்றின் வேகம் ஒரு அளவைத் தாண்டினால் ஏறக்கூடாது என்ற விதியும் குறுக்கே வரும். மெஷின் நின்று கிடக்கும், சைட் இன்சார்ஜ் போன் மேல் போன் போடுவார், காற்று கொஞ்சம் தணியக் காத்திருந்து ஏறவேண்டும். சில நாள் அது மாலையாகிவிடும்.

அவர் சொல்லி முடிக்கும்வரை இடையில் “ஆனா நான் கேள்விப்பட்டது…” என்று புகாமல் இருப்பது பையனுடைய வேலை. கேட்டது தான் எழுதிய தாளோடு ஒத்துப்போகிறதா என்பதை வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

இரண்டாவது கேள்வி: “கடைசியா எப்ப ‘போதும்டா சாமி’ன்னு தோணிச்சு? அன்னைக்கு என்ன நடந்துச்சு?” கஷ்டம் என்னென்ன என்று பொதுவாகக் கேட்டால் வெயில், அலைச்சல் என்று பட்டியல் வரும். கடைசியாக வெறுத்த நாளைக் கேட்டால்தான் வேலையின் உண்மையான பாரம் எங்கே இருக்கிறது என்று தெரியும். அவர் சொல்வது உயரத்தைப் பற்றி இருக்காது. நாசெல்லுக்குள் நிமிர்ந்து நிற்க இடமில்லாமல், மார்ச் மாதத்து வெக்கையில், வேர்வை கண்ணில் வழிய, தலைக்கு மேலிருக்கும் போல்ட்டுக்குக் கையைத் தூக்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் நின்றதைப் பற்றி இருக்கும். உயரம் பயமில்லை என்று எழுதிய பையன் குறுகிய இடத்தைப் பற்றி யோசித்ததே இல்லை. இப்படி நம் தாளில் இல்லாத ஒன்று வருவதற்காகத்தான் நேரில் போய்க் கேட்கிறோம்.

மூன்றாவது கேள்வியை நான் மிகவும் மதிக்கிறேன். பலர் கேட்காமல் விடுவதும் இதைத்தான்: “உங்ககூட ஒரே சமயத்துல சேர்ந்தவங்க இப்ப எங்க இருக்காங்கண்ணே?” நாம் பேசுகிற ஆள் அந்த வேலையில் தங்கிவிட்டவர், அதனால்தான் அவரைப் பிடிக்க முடிந்தது. தாக்குப்பிடிக்க முடியாதவர்கள் கண்ணில் பட மாட்டார்கள். எட்டுப் பேர் சேர்ந்தோம், மூன்று பேர் இருக்கிறோம், இரண்டு பேர் கல்ஃப், ஒருத்தன் போலீஸ் பரீட்சை எழுதிப் போய்விட்டான், இருவர் முதல் சீசனிலேயே போய்விட்டார்கள் என்று அவர் சொன்னால், அது ஒரு ஆளின் கருத்தைவிடப் பெரிய தகவல். ஏன் போனார்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்கலாம்.

சம்பளத்தைக் கடைசியில் கேட்க வேண்டும், அவருடையதைக் கேட்கக்கூடாது. “இந்தப் பக்கம் இரண்டு வருஷ அனுபவம் உள்ள டெக்னீஷியனுக்குக் கையில எவ்வளவு வரும்?” என்றால் கூச்சமில்லாமல் சொல்வார். கூடவே கம்பெனி ரோலா, காண்ட்ராக்டர் ரோலா என்பதையும், பிஎஃப், இஎஸ்ஐ பிடிக்கிறார்களா என்பதையும் கேட்க வேண்டும். ஒரே மெஷினில் ஒரே வேலை செய்கிற இரண்டு பேரின் சம்பளம் இந்த ஒரு காரணத்தால் வேறுபடலாம்.

எழுந்திருக்கும் முன் ஒன்று: “உங்களுக்கு நேர்மாறா சொல்லக்கூடிய ஆள் யாராவது இருக்காங்களா அண்ணே? அவங்ககிட்டயும் பேசிப் பார்க்கணும்.” வெறுமனே “வேற யார்கிட்ட பேசலாம்” என்றால் தன் சினேகிதனைக் காட்டுவார், அவரும் இதையே சொல்வார்.

விபத்துகளைப் பற்றி அவராகச் சொன்னால் கேட்கலாம். எந்த கம்பெனி, யார் என்று தோண்டுவது அவரைச் சங்கடத்தில் விடும். மெஷினில் ஏறிப் பார்க்கட்டுமா என்றும் கேட்கக்கூடாது. பயிற்சியும் பெர்மிட்டும் இல்லாத ஒருவரை ஏற்றினால் அவருடைய வேலை போய்விடும்.

பதில்கள் முட்டிக்கொண்டால்

இரண்டாவதாகப் பையன் பேசுவது பதினைந்து வருட அனுபவமுள்ள ஒரு சைட் இன்சார்ஜிடம். இவரை அவன் சார் என்கிறான். அவர் சொல்கிற கணக்கு முதல் ஆள் சொன்னதோடு ஒட்டவே இல்லை. ஒரு நாளைக்கு ஒரு தடவை ஏறினால் பெரிது என்று முதல் ஆள் சொன்னார். இவரோ, “நாங்க ஒரு நாள்ல மூணு மெஷின்கூட ஏறி இறங்கியிருக்கோம்” என்கிறார். யாரை நம்புவது?

இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறார்கள். இவர் தொடங்கியது 225, 250 கிலோவாட் மெஷின்களில். கோபுரம் இன்றைய உயரத்தில் ஏறக்குறைய பாதிதான் இருக்கும், பலவற்றில் இரும்புச் சட்டக் கோபுரத்தின் வழியாகக் காற்றிலேயே ஏறவேண்டும். முதல் ஆள் வேலை செய்வது 2 மெகாவாட் மெஷினில். அது மூடிய குழாய்க் கோபுரம், எண்பது மீட்டர், ஒரு தடவை ஏறினால் நாள் முழுக்க வேலை. முப்பந்தல் பக்கம் இரண்டு வகையும் அருகருகே நிற்கின்றன. ஆகவே “காத்தாடி வேலை” என்று பொதுவாக ஒன்று இல்லை. எந்த மெஷின் என்று கேட்காமல் விட்டதுதான் முரண்பாடாகத் தெரிகிறது.

பதில்கள் மோதும்போது செய்யவேண்டியது இதுதான். எது அந்த ஆளின் குணத்தால் வந்தது, எது அவருடைய கம்பெனியால் வந்தது, எது அந்தத் தொழிலிலேயே உள்ளது என்று பிரித்துப் பார்ப்பது. “எங்க இன்சார்ஜ் லீவே தர மாட்டார்” என்பது ஒரு ஆளைப் பற்றியது. “ஜீப் இல்ல, பைக்ல ஹார்னஸைக் கட்டிக்கிட்டுப் போவோம்” என்பது ஒரு கம்பெனியைப் பற்றியது. “ஜூன் முதல் ஆகஸ்ட் வரை லீவு கேட்கிறதே கஷ்டம்” என்பதை மூன்று கம்பெனி ஆட்களும் சொன்னால், அது தொழிலோடு பிறந்தது. கம்பெனி மாறினாலும் கூடவே வரும். முதல் இரண்டையும் வைத்து ஒரு துறையை வேண்டாமென்று தள்ளிவிடக் கூடாது. மூன்றாவதை “நமக்குப் பழகிடும்” என்று ஒதுக்கவும் கூடாது. வேறு வேறு கம்பெனியில் இருக்கிற ஆட்களைத் தேடிப் பேசுவது இந்தப் பிரிப்பைச் செய்வதற்குத்தான். ஒரே கம்பெனியில் ஐந்து பேரிடம் பேசினாலும் கம்பெனி எது, தொழில் எது என்று தெரியாது.

சைட் இன்சார்ஜிடம் கேட்க வேறொரு கேள்வி இருக்கிறது. டெக்னீஷியனுக்குத் தெரிய வாய்ப்பில்லாத, கொஞ்சம் தூரத்து விஷயம்: இங்கே எந்த மெஷின்கள் கழற்றப்படப் போகின்றன, அப்போது ஆட்கள் என்ன ஆவார்கள்? தமிழ்நாட்டில் 1980-களின் கடைசியிலேயே காற்றாலைகள் வரத் தொடங்கிவிட்டதால் பழைய மெஷின்கள் ஏராளம். அவற்றைக் கழற்றிப் பெரியவை வைக்கவும் ஆயுளை நீட்டிக்கவும் 2024-ல் மாநில அரசு ஒரு கொள்கையே கொண்டுவந்தது. எட்டு 250 கிலோவாட் மெஷின் கொடுக்கிற திறனை ஒரு 2 மெகாவாட் மெஷின் கொடுக்கும். எட்டுக்குப் பார்த்த அதே ஆட்கள் ஒன்றுக்குத் தேவைப்பட மாட்டார்கள். ஆனால் புதிய மெஷினில் எலெக்ட்ரானிக்ஸும் கன்வர்ட்டரும் அதிகம், அதைப் பார்க்கத் தெரிந்தவருக்கு மதிப்பும் அதிகம். நம் பையனின் முதல் நம்பிக்கைக்கு இது புதிதாக ஒரு உயிர் கொடுக்கிறது. எலெக்ட்ரிக்கல் வேலைதான் வேண்டுமென்றால் எந்த வகை மெஷின் சைட்டில் சேரவேண்டும் என்பது இப்போது அவனுக்குத் தெரியும்.

மூன்றாவது ஆள் விட்டுப் போனவர். இப்போது சொந்தமாக மோட்டார் வைண்டிங் கடை வைத்திருக்கிறார். விட்டவர் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது, ஏனென்றால் விட்டது சரிதான் என்று அவர் தனக்கே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கும். அதனால் இவரிடமும் கருத்து வேண்டாம், நடந்தது போதும்: “கடைசி மூணு மாசத்துல என்ன மாறுச்சு?” குழந்தை பிறந்தது, சீசனில் இரவு கூப்பிட்டால் ஓடவேண்டியிருந்தது, ஆரல்வாய்மொழியில் வீடு எடுத்துத் தங்க மனைவி சம்மதிக்கவில்லை. தக்கலையிலிருந்து தினமும் போய் வந்தாரா என்று கேட்டால், “சும்மா நாள்ல வரலாம். ஆனா சீசன்ல இருட்டின பிறகு இறங்குற நாள்ல வீட்டுக்கு வந்து சேர ஒன்பது, பத்து ஆயிரும். நாலு பேரு சேர்ந்து அங்கேயே ரூம் எடுத்திருந்தோம்” என்கிறார். மூன்றாவது நம்பிக்கை உடைகிறது. இருபத்தொரு வயதில் அது பையனுக்குப் பெரிய விஷயமில்லாமல் இருக்கலாம். ஆனால் இனி அதைத் தெரிந்தே முடிவெடுப்பான்.

தாளைத் திரும்ப எடுத்துப் பார்த்தால்

ஒவ்வொரு பேச்சும் முடிந்த அன்றே பஸ்ஸில் திரும்பும்போது எழுதிவிடுவது நல்லது. மறுநாள் ஆனால் அவர் சொன்ன வார்த்தை போய், நாம் புரிந்துகொண்டது மட்டும் மிஞ்சும். மூன்று நம்பிக்கையில் ஒன்று உடைந்தது, ஒன்று மெஷினைப் பொறுத்தது என்று திருத்தப்பட்டது. இரண்டாவது இன்னும் தொங்குகிறது. குறுகிய இடமும் வெக்கையும் அவன் உடம்புக்கு ஆகுமா என்பதை எத்தனை பேரிடம் பேசினாலும் தெரிந்துகொள்ள முடியாது.

பேச்சின் எல்லை இங்கே வந்துவிடுகிறது. மற்றவரின் நாளை அது காட்டும். நம் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்பதைக் காட்டாது. அடுத்த வருடம் எத்தனை பேரை எடுப்பார்கள் என்பதற்கும் மூன்று பேரின் பேச்சு ஆதாரமாகாது. நான்காவது ஐந்தாவது ஆளிடம் பேசும்போது, அவர் வாய் திறக்கும் முன்பே அடுத்து என்ன சொல்வார் என்று பெரும்பாலும் சரியாக ஊகிக்க முடிந்தால், பேச்சை நிறுத்திவிட்டு வேறு வகைச் சோதனைக்குப் போகவேண்டிய நேரம் என்று அர்த்தம்.

நம் பையனுக்கு அந்தச் சோதனை எளிது. உயரத்தில் வேலை செய்பவர்களுக்கு எடுக்கிற மருத்துவப் பரிசோதனையில் தலைச்சுற்றல், இரத்த அழுத்தம் எல்லாம் பார்ப்பார்கள். எதையெதைப் பார்ப்பார்கள் என்று முதல் ஆளிடம் கேட்டு, சேருவதற்கு முன்பே ஒரு டாக்டரிடம் காட்டிக்கொள்ளலாம். குறுகிய இடத்தையும் வெக்கையையும் பார்க்க, நல்ல வெயில் நாளில் ஒரு பழக்கமான எலெக்ட்ரீஷியனோடு சேர்ந்து ஓட்டுக்கூரைக்கும் சீலிங்குக்கும் நடுவில் வயர் இழுக்கிற வேலைக்கு ஒரு வாரம் போய்ப் பார்க்கலாம். நாசெல்லுக்கு அது ஈடாகாது. ஆனாலும் இரண்டாம் நாளே மூச்சு முட்டினால், பதில் கிடைத்துவிட்டது.

முடிவு எதுவானாலும், பேசிய மூன்று பேருக்கும் அதை இரண்டு வரியில் தெரிவித்துவிட வேண்டும். “நீங்க சொன்ன அந்த நாசெல் விஷயத்தைக் கேட்டு டாக்டர்கிட்ட காட்டினேண்ணே, பிரச்சினை இல்லன்னாங்க. பெரிய மெஷின் சைட்டா பார்த்து அப்ளை பண்ணப் போறேன்” என்று எழுதினால், வேலை கேட்காமலே போன பையனுக்கு எங்கே ஆள் எடுக்கிறார்கள் என்று அவரே கூப்பிட்டுச் சொல்ல வாய்ப்பிருக்கிறது. “வேண்டாம்னு முடிவு பண்ணிட்டேண்ணே” என்று எழுதினாலும் அவர் வருத்தப்பட மாட்டார். பாதி சீசனில் விட்டுப் போகிற ஆளுக்குப் பதிலாக இரட்டை வேலை பார்ப்பது யார் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.